குளிர்நீர்ப் பம்பிக்கு வேகமாற்றியா, வால்வா, இம்பெலர் வெட்டா?

யாழ்ப்பாணத்தில் நான் பராமரிப்பைப் பார்க்கும் ஹோட்டலில், நீரைக் குளிர்விக்கும் சில்லரிலிருந்து அறைகளுக்குக் குளிர்நீரைத் தள்ளும் பம்பி பல ஆண்டுகளாக 50 ஹேர்ட்ஸில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அறைகளில் பாதி காலியாகக் கிடந்தாலும் அதன் வேகம் குறையாது. மின் கட்டணம் ஏறியபோது மூன்று வழிகளை எடுத்து வைத்துப் பார்த்தோம்: பம்பியை அப்படியே விட்டு, நீரோட்டத்தை வால்வுகளே குறைக்க விடுவது, பம்பிக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெலரைக் கடைந்து சிறிதாக்குவது, மின்சாரத்தின் ஹேர்ட்ஸை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும் வேகமாற்றியைப் பூட்டுவது. மூன்றாவதைத் தெரிந்தெடுத்தோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் விற்க வந்தவர்கள் காட்டிய அட்டவணையை நம்பி அல்ல.

வால்வைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. செலவில்லை, பழுதில்லை, ஆனால் பம்பி உண்டாக்கும் அழுத்தத்தை வால்வு தின்றுவிடுகிறது. தின்றதற்கும் சேர்த்து நாம்தான் பணம் கட்டுகிறோம்.

இம்பெலரைக் கடைவது பலர் நினைப்பதைவிட நல்ல வழி. தேவைக்கு மேல் பெரிய பம்பியைப் பூட்டிவிட்டு, அதன் வெளியேற்று வால்வை நிரந்தரமாகப் பாதி மூடி வைத்திருக்கும் இடங்கள் உண்டு. நீரை 30 மீற்றர் உயரத்துக்கு ஏற்றக்கூடிய அழுத்தத்தில், அதாவது 30 மீற்றர் அழுத்தத்தில், 6 மீற்றரை அந்த வால்வு விழுங்கினால், இம்பெலரைக் கடைந்து வால்வை முழுதாகத் திறந்துவிடலாம். மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். பழுதாவதற்கு மின்னணுப் பாகம் ஒன்றுமில்லை. நாள் முழுக்க ஒரே சுமையில் ஓடும் இடத்துக்கு இதையே சிபாரிசு செய்வேன். ஆனால் கடைந்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. அளவுக்கு மேல் கடைந்தால் இம்பெலருக்கும் உறைக்கும் இடைவெளி கூடிப் பம்பியின் திறனும் விழுகிறது. எங்கள் ஹோட்டலின் சுமையோ திருமண நாளில் ஒன்று, மழைக்காலத்து வார நாளில் வேறொன்று. ஒரே அளவில் வெட்டிய இம்பெலர் இரண்டுக்கும் பொருந்தாது.

இனி வேகமாற்றி. அஃபினிட்டி விதிகள் சொல்வது இதுதான்: நீரோட்டம் வேகத்தோடு நேராகக் குறையும், அழுத்தம் வேகத்தின் வர்க்கமாகக் குறையும், வலு வேகத்தின் கனமாகக் குறையும். பாதி வேகத்தில் பாதி நீர், எட்டில் ஒரு பங்கு மின்சாரம். விற்பனையாளரின் அட்டவணை முழுக்க இதில்தான் நிற்கிறது. விதிகளில் பிழையில்லை. ஆனால் அவை பம்பியைப் பற்றிய விதிகள். நீரோட்டம் பூச்சியமானால் தேவைப்படும் அழுத்தமும் பூச்சியமாகும் குழாய்த் தொகுதியில்தான் அந்த எட்டில் ஒரு பங்கு கிடைக்கும். குளிர்நீர்த் தொகுதிகளில் பெரும்பாலானவை அப்படி நடப்பதில்லை. நீரை உயரத்துக்கு ஏற்றுவது இதற்குக் காரணமல்ல; மூடிய சுற்றில் ஏறும் நீரும் இறங்கும் நீரும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். காரணம், வேகமாற்றிக்கு நாமே கொடுக்கும் கட்டளை: ‘அழுத்த வேறுபாட்டை இந்த அளவுக்குக் கீழே விடாதே.’

கணக்காகப் பார்ப்போம். எண்களை எளிதாக்கியிருக்கிறேன். முழுச் சுமையில் பம்பி வினாடிக்கு 40 லீற்றரை 30 மீற்றர் அழுத்தத்தில் தள்ளுகிறது. மின்சாரம் 18 கிலோவாற்று. சுமை பாதியாகி 20 லீற்றர் போதுமென்று வைப்போம். வேகமாற்றி இல்லாமல் வால்வுகள் மட்டும் மூடினால் அழுத்தம் 34.5 மீற்றருக்கு ஏறும், மின்சாரம் சுமார் 14 கிலோவாற்றாகும். அட்டவணையின்படி வேகமாற்றியோடு 25 ஹேர்ட்ஸ், 2.25 கிலோவாற்று.

இப்போது அழுத்த உணரியைப் பம்பி அறையிலேயே, குழாய்கள் வெளியேறும் இடத்தில் பூட்டுவோம். கம்பி குறைவு, வேலை சுலபம் என்பதால் பொருத்துபவர்கள் விரும்பும் இடம் அது. முழுச் சுமையில் வெளிக் குழாய்களுக்கும் அறைகளுக்கும் 15 மீற்றர் தேவை என்பதால் உணரியில் 15 மீற்றரை நிலையாக வைக்கிறார்கள். மீதி 15 மீற்றர் சில்லரிலும் வடிகட்டியிலும் பம்பி அறைக் குழாய்களிலும் செலவாவது. நீர் பாதியாகும்போது அந்தப் பகுதி மட்டும்தான் நான்கில் ஒன்றாகி 3.75 மீற்றருக்கு இறங்கும். ஆக, பம்பி 18.75 மீற்றர் கொடுத்தே ஆக வேண்டும். அதற்கு 37.5 ஹேர்ட்ஸ் வேண்டும். பம்பி தன் சிறந்த திறன் புள்ளியிலிருந்து விலகுவதையும், குறைந்த சுமையில் மோட்டாரிலும் வேகமாற்றியிலும் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் மின்சாரம் சுமார் 7 கிலோவாற்று. அட்டவணை காட்டியதைப் போல மூன்று மடங்கு.

அதே உணரியைக் கட்டடத்தின் கடைசி மூலையிலுள்ள குளிரூட்டிச் சுருளுக்குக் கொண்டுபோவோம். அங்கே சுருளுக்கும் அதன் வால்வுக்கும் 5 மீற்றர் போதும். மீதி 25 மீற்றரும் நீரோட்டத்தோடு சேர்ந்து இறங்கும். பாதி நீருக்கு 11.25 மீற்றர், ஏறத்தாழ 30 ஹேர்ட்ஸ், சுமார் 4 கிலோவாற்று. ஆண்டுக்கு 4,000 மணித்தியாலம் பாதிச் சுமையில் ஓடினால், பம்பி அறை உணரியோடு 28,000 அலகு மிச்சமாகும். கடைசி மூலை உணரியோடு 40,000. ஒரே வேகமாற்றி, ஒரே பம்பி. இடையிலுள்ள 12,000 அலகும் ஒரு நீண்ட கம்பியில் தொங்குகிறது. அந்தக் கம்பிக்காகத்தான் பொருத்த வந்தவர்களோடு நான் விடாமல் வாதாடினேன்.

கடைசி மூலைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பக்கம் அறைகள் காலியாகி, வேறொரு பக்கத்தில் மண்டபம் நிரம்பினால், உணரி திருப்தியாக இருக்கும், மண்டபம் வியர்க்கும். அப்படி வேறு வேறாக நிரம்பும் கட்டடத்தில் இரண்டு உணரிகளை வைத்து, எது குறைவோ அதைப் பின்பற்றச் செய்வது நல்லது.

இன்னும் இரண்டு இடங்களில் மிச்சம் நின்றுவிடும். அறைகளில் மூவழி வால்வுகள் இருந்தால், குளிர் தேவைப்படாத அறைகளின் நீரும் சுற்றிக்கொண்டே இருக்கும். பம்பியின் வேகம் குறையக் காரணமே வராது. அவற்றை இருவழி வால்வுகளாக மாற்றும் செலவையும் விலைக் கோரலில் சேர்த்தே கேட்க வேண்டும். மற்றது, சில்லருக்குள் நீர் குளிரும் பகுதியான ஆவியாக்கி. அதற்குள் ஒரு குறைந்தபட்ச நீரோட்டம் போயே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நீர் உறையும் ஆபத்தில் சில்லர் தன்னை நிறுத்திக்கொள்ளும். அந்த எல்லைக்குக் கீழே புறவழி வால்வு திறந்து நீரைத் திருப்பி அனுப்பும். அதற்கப்பால் அறைகளின் சுமை எவ்வளவு குறைந்தாலும் பம்பியின் நீரோட்டம் குறையாது.

பராமரிப்பில் வேகமாற்றிதான் மூன்றிலும் கடினமானது. கடற்காற்று மின்சுற்றுப் பலகைகளை அரிக்கும். அதனால் அதைப் பம்பிக்குப் பக்கத்தில் மாட்டாமல், கதவடைத்த மின்பலகை அறையில் வைத்தோம்; விசிறியின் வடிகட்டியை மாதந்தோறும் கழுவுகிறோம். மோட்டார்க் கம்பி நீண்டால் தாங்கிகளுக்குக் கேடு வரலாம் என்கிறார்கள். எங்களுடையது இன்னும் அந்த வயதை எட்டவில்லை, அதனால் அதில் உறுதியாகப் பேச மாட்டேன். பழுது பார்க்கக் கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை குளிர் நிற்கக் கூடாது என்பதால், வேகமாற்றியைத் தாண்டி மோட்டாரை நேரடியாக ஓட்டும் இணைப்பொன்றையும் வைத்திருக்கிறோம்.

ஏற்கெனவே வேகமாற்றி பூட்டியவர்கள், அது எங்கே கட்டுண்டு கிடக்கிறது என்பதைத் திரையிலேயே பார்க்கலாம். விருந்தினர் குறைந்த ஒரு நாளில், அறை வால்வுகள் பெரும்பாலும் மூடிய நேரத்தில் ஹேர்ட்ஸை வாசியுங்கள். மேலே சொன்ன பம்பியில், உணரியில் நிலையாக வைத்த அழுத்தம், அதாவது நிலையழுத்தம், 15 மீற்றராக இருந்தால், நீர் ஏறக்குறைய நின்றே போனாலும் அது 32 ஹேர்ட்ஸுக்குக் கீழே இறங்காது. நீரோட்டம் மாறியும் எண் ஒரே இடத்தில் ஒட்டி நின்றால், நிலையழுத்தத்தை அரை மீற்றர் அரை மீற்றராகக் குறைத்து, கடைசி அறை குளிர்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். அந்த அறை முறையிடத் தொடங்கும் அளவுக்குச் சற்று மேலே நிறுத்திக்கொள்ளலாம். இதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை.