23,400 ரூபாய் கட்டியும் கடைசித் தீட்டை ஒழுங்காக விசாரிக்கவில்லை – அடிவயிற்று வலியோடு போகிற பெண்கள் கவனத்துக்கு

கை நடுங்குது, இருந்தாலும் இன்றைக்கே எழுதிவிடுகிறேன். மகப்பேறு வார்டில் வேலை பார்க்கிறவள் நான். இது எங்கள் தெருப் பெண்ணுக்கு நடந்தது, அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் 24 மணி நேரமும் திறந்திருக்கிற, எல்லா வைத்தியமும் உண்டு என்று போர்டு வைத்த தனியார் ஆஸ்பத்திரி.

வயது 31. இரண்டு குழந்தைகள், இரண்டும் சிசேரியன். இரண்டாவது சிசேரியனோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்து நான்கு வருஷம் ஆகிறது. ஜூலை 20 அன்று இடது அடிவயிற்றில் வலி தாங்காமல் மாமியாரோடு போனாள். டியூட்டி டாக்டர் நன்றாகத்தான் பேசினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பயப்படாதீங்கம்மா, ஸ்கேன்ல பார்த்துடலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் இவள் நம்பிவிட்டாள். வீட்டுக்காரர் முன்பணத்தைக் கட்டிவிட்டார்.

கேட்ட கேள்விகள் மொத்தம் மூன்று. மாமியார் பக்கத்தில் நிற்க, "பீரியட்ஸ் ரெகுலரா?" "ஆமா." "கடைசியா எப்போ?" "பத்து நாளாச்சு." "குழந்தை?" "ரெண்டு, ஆபரேஷன் பண்ணியாச்சு." அவ்வளவுதான். ஜூலை 10 என்று எழுதி, கர்ப்பத்துக்கு வாய்ப்பே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அடுத்தடுத்து எல்லாமே அந்த ஒரு வரியிலிருந்து தவறிப்போனது. சிறுநீரில் ரத்த அணுக்கள் இருந்தன. அவளுக்கு அப்போது லேசாக ரத்தம் பட்டுக்கொண்டிருந்தது, அதுதான் சிறுநீரில் கலந்தது. யாரும் கேட்காததால் கல் என்று நினைத்தார்கள். ஸ்கேன் சீட்டிலும் சிறுநீரகம் பார்க்க என்று மட்டும் எழுதி அனுப்பினார்கள். சிறுநீரகத்துக்குள் 4 மில்லிமீட்டரில் ஒரு கல் இருந்தது. அசையாமல் சிறுநீரகத்திலேயே கிடக்கிற அந்த அளவுக் கல் இப்படி அடிவயிற்றில் சுருட்டிப் பிடிக்காது. சிறுநீர்க் குழாயும் வீங்கியிருக்கவில்லை. ஆனாலும் கல் என்றே இரண்டு ராத்திரி டிரிப்ஸ், ஊசி. பில் 23,400 ரூபாய்.

22ஆம் தேதி காலை கழிப்பறையில் கண் இருண்டு உட்கார்ந்துவிட்டாள். தோள்பட்டையிலும் வலி. அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு பட்டமேற்படிப்பு மாணவி, பார்க்கச் சின்னப் பெண், முதலில் செய்தது எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பியதுதான். பிறகு அவளிடம், "வயித்து வலியோட வர்ற எல்லார்கிட்டயும் இதைக் கேட்போம்க்கா, சொல்றது நம்மளோட இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்திருக்கிறாள்.

எப்போது வந்தது என்பதோடு அவள் நிறுத்தவில்லை. "பத்து நாளுக்கு முன்னாடி வந்தது எப்பவும் போல வந்துச்சா? எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், என்ன நிறம்?" வழக்கமாக நான்கு நாள், நாளுக்கு நான்கு நாப்கின். இந்த முறை காப்பிப் பொடி நிறத்தில் சொட்டுச் சொட்டாக, ஒரு நாப்கின்கூட நனையவில்லை. வர வேண்டிய நாளுக்குப் பத்து நாள் கழித்து வந்ததும் அப்போதுதான் தெரிந்தது. "அதுக்கு முந்தினது?" தேதி ஞாபகமில்லை. "பிள்ளைங்களுக்கு ஸ்கூல் திறந்தப்பவா?" என்றதும், திறப்பதற்கு முந்தின நாள் என்று வந்துவிட்டது. ஜூன் 1. ஜூலை 20 அன்று கணக்குப்படி ஏழு வாரம். ஜூலை 10 அன்று வந்தது தீட்டே இல்லை.

இந்தக் கேள்வியை இப்படித்தான் கேட்க வேண்டும். ரத்தம் பட்டால் பெண்கள் அதைத் தீட்டு என்றுதான் சொல்வார்கள். சிலர் தலைக்குக் குளித்த நாளைச் சொல்வார்கள், நமக்கு வேண்டியது முதல் நாள். அதனால் முதல் நாள், அளவு, அதற்கு முந்தின முறை என்று மூன்றையும் கேட்காமல் தேதி எழுதக் கூடாது.

அடுத்தது, மாமியார் முன்னால் யாரும் கேட்க முடியாத கேள்வி. கணவரோடு கடைசியாக எப்போது சேர்ந்தீர்கள், அப்போது வலி உண்டா, வாசலிலேயே வலிக்கிறதா, உள்ளே ஆழத்திலா, பிறகு ரத்தம் படுகிறதா, விருப்பமில்லாமல் நடக்கிறதா. வாசலில் என்றால் வறட்சி, புண், தசை இறுக்கம் பக்கம் யோசிப்போம். ஆழத்தில் என்றால் கர்ப்பப்பைக்குப் பின்னால், கருக்குழாயில், முட்டைப்பையில் தேட வேண்டும். இவளுக்கு இரண்டு வாரமாக ஆழத்தில் இடது பக்கம் குத்தியிருக்கிறது. கேட்டவுடன் சொல்லிவிட்டாள். கல்யாணம் ஆச்சா என்று கேட்பது இந்தக் கேள்விக்கு ஈடாகாது. ஆகாதவர்களிடமும் இதைத் தனியாக, முகம் சுளிக்காமல் கேட்டாக வேண்டும்.

மூன்றாவது, எத்தனை குழந்தை என்று கேட்டால் குழந்தையைத்தான் எண்ணிச் சொல்வார்கள். எத்தனை முறை நாள் தள்ளிப்போய் கர்ப்பம் நின்றது என்று கேட்க வேண்டும். கலைந்தது, மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிக் கலைத்தது, குழாயில் தங்கியது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். குடும்பக் கட்டுப்பாடு செய்தவர்களுக்குக் கர்ப்பம் தரிப்பது அபூர்வம்தான். ஆனால் தரித்துவிட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒன்று குழாயில் தங்குகிறது. ஆபரேஷன் பண்ணியாச்சு என்ற பதிலைக் கேட்டதும் நிம்மதியாகிவிடக் கூடாது, இன்னும் கவனமாக வேண்டும்.

சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை, நூறு ரூபாய்க்குள் முடிகிற பட்டை. இரண்டு கோடு வந்தது. உள்வழி ஸ்கேனில் இடது குழாயில் கர்ப்பம், குழாய் வெடித்து வயிற்றுக்குள் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம். தோள் வலியும் அதனால்தான், ரத்தம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானத்தைத் தொட்டால் தோளில் வலிக்கும். அன்றைக்கே ஆபரேஷன் செய்து குழாயை எடுத்தார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துவிட்டாள்.

அந்த 23,400 ரூபாயைக் கேட்கப் போனோம். பில் கவுண்டரில் "டாக்டரைப் பாருங்க" என்றார்கள். டாக்டர் லீவு. மேனேஜர் வந்து, "பேஷண்ட் சொன்னதைத்தானே எழுதினோம்? ஆபரேஷன் பண்ணியாச்சுன்னு அவங்கதானே சொன்னாங்க?" என்றார். கேட்டதற்குத்தான் பதில் சொன்னாள், கேட்காததை எப்படிச் சொல்வாள்? மறுநாள் போனால் அவர் மீட்டிங்கில். 23,400 ரூபாய்க்காக அவள் வீட்டுக்காரர் அடகு வைத்த சங்கிலி இன்னும் கடையில்தான் இருக்கிறது.

விளக்கமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். தனியாகப் பேசணும் என்று நீங்களே கேளுங்கள். கடைசி இரண்டு தீட்டின் முதல் நாளை எழுதி வையுங்கள், அளவு மாறியிருந்தால் யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஆபரேஷன் செய்திருந்தாலும் காப்பர் டி போட்டிருந்தாலும், அடிவயிறு வலித்தால் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். மயக்கமோ தோள் வலியோ சேர்ந்தால் காத்திருக்காதீர்கள்.

கேஸ் ஷீட் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002 மருத்துவக் கவுன்சில் விதி. எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கியிருக்கிறோம். நாளை சாயங்காலத்தோடு கெடு முடிகிறது.