சோறா, தினையா, அரிசி கேக்கா? சீலியாக் உள்ள பளுதூக்குபவருக்கு 375 கிராம் மாவுச்சத்து

75 கிலோ எடையுள்ளவர் வாரத்தில் நான்கு நாள் பளு தூக்கினால், கிலோவுக்கு 5 கிராம் வீதம் நாளுக்கு 375 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சீலியாக் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் சேதமாகும் நோய். அது இருந்தால் பிராட்டா, ரொட்டி, மஞ்சள் மீ எதையும் தொட முடியாது. மிச்சமுள்ள மூன்று வழிகளில் பெரும்பங்கைச் சோற்றுக்கே கொடுக்க வேண்டும் என்பது எங்கள் முடிவு.

ரைஸ் குக்கரோடு வரும் கப்பில் ஒரு கப் அரிசி சுமார் 150 கிராம். இரண்டு கப் சமைத்து மதியத்துக்கும் இரவுக்கும் பிரித்தால் 235 கிராம் மாவுச்சத்து வந்துவிடும். வெள்ளைச் சோற்றில் நார் குறைவு. நிறையச் சாப்பிட்டாலும் வயிறு அவ்வளவாக உப்பாது. ஆபத்து சோற்றோடு சேர்வதில்தான் இருக்கிறது. சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்தே செய்யப்படுகிறது. கடைச் சாம்பாரில் விழும் பெருங்காயத்தூளிலும் பல சமயம் கோதுமை மாவு கலந்திருக்கும். தோசை அரிசிதான், ஆனால் பிராட்டா புரட்டிய அதே கல்லில் வார்த்தால் பயனில்லை. மதியச் சோற்றை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதே நல்லது.

தினை, சாமை, கேழ்வரகு மூன்றிலும் இயல்பாகக் குளூட்டன் இல்லை. கோதுமை அரைத்த இயந்திரத்தில் இவற்றையும் அரைக்கும்போதுதான் கலப்பு நேர்கிறது, மாவில் அதைக் கண்ணால் காண வழியில்லை. தேக்கா சந்தையில் வாங்கினாலும் மாவை விட்டு முழுத் தானியமாக எடுங்கள். ஒவ்வொரு கரண்டியாகத் தாம்பாளத்தில் பரப்பினால், கடுகளவு தினைக்கு நடுவே நீண்ட கோதுமை மணி உடனே தெரியும். பொறுக்கியபின் மூன்று தண்ணீர் கழுவுங்கள். குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பாக்கெட் கிடைத்தால் அதுவே மேல். 80 கிராம் தினையில் சுமார் 50 கிராம் மாவுச்சத்து கிடைக்கும். கேழ்வரகில் நார் அதிகம். பயிற்சிக்கு முன் கூழ் குடித்துவிட்டு ஸ்குவாட்டுக்குக் குனிந்தால் வயிறு உப்பிக்கொண்டு நிற்கும். ஆகவே இவற்றைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு பாக்கெட் உணவுதான் கைகொடுக்கும். பொரியை அழுத்திச் செய்த, உப்பு மட்டும் போட்ட அரிசி கேக் ஐந்தில் 35 கிராம் மாவுச்சத்து, இரண்டு வாழைப்பழத்தில் 50 கிராம்; சோறும் தினையும் சேர்த்தால் நாளுக்கு மொத்தம் 370. பருப்பும் காய்கறியும் மிச்சத்தை நிரப்பிவிடும். மசாலா தூவிய கேக்கில் சோயா சாஸ் தூளோ பார்லி மால்ட்டோ இருக்கலாம், கார்ன்ஃபிளேக்ஸிலும் மால்ட் சாறு சேர்ப்பது வழக்கம். “கோதுமை இல்லை” என்ற வரியை நம்பி வாங்காதீர்கள். பார்லியும் ரையும் அதில் அடங்கா. “குளூட்டன் இல்லை” என்பதற்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வகுத்த உச்ச வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம்.

தினை சாப்பிட்டபின் உப்பசம் வந்தால் அளவைப் பாதியாக்கிப் பாருங்கள். நாரினால் வந்ததென்றால் தணியும். தணிந்தாலும் வயிற்றை மட்டும் நம்ப வேண்டாம். எந்த அறிகுறியும் காட்டாமலே சிலருக்குக் குடல் சேதமாகும். மருத்துவர் சொல்லும் இடைவெளியில், சீலியாக் நோயில் கூடும் எதிர்ப்புப் பொருளை அளக்கும் டிடிஜி-ஐஜிஏ இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். முன்பு இறங்கியிருந்த அளவு மீண்டும் ஏறினால், முதலில் மாவு டப்பாவையும் பெருங்காய டப்பாவையும் சோதியுங்கள்.