பதில் வராத முதல் செய்திக்குப் பிறகு: மூன்று விதமான இரண்டாம் செய்திகள்

ஆட்சேர்ப்பு வேலையில் இருப்பவர்களிடம், பதில் சொல்லாத ஒருவருக்கு மறுபடி எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று வகைகளில் ஒன்றைக் காட்டுவார்கள்: நினைவூட்டல், புதிய தகவல் தரும் செய்தி, விடைபெறும் குறிப்பு. மூன்றையுமே பணிவாக எழுத முடியும் என்பதால் பணிவை வைத்து இவற்றைத் தரம் பிரிக்க இயலாது. படிப்பவர் தலையில் எது எவ்வளவு வேலையைச் சுமத்துகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரே ஆளுக்கு மூன்றையும் எழுதிப் பார்ப்பதுதான் வழி.

ஆளை இப்படி வைத்துக்கொள்வோம். எட்டு ஆண்டு அனுபவமுள்ள தரவுத்தளப் பொறியாளர். இப்போது ஒரு நிறுவனத்தில் நல்ல நிலையில் இருக்கிறார், வேலை தேடவில்லை. சேவையை நிறுத்தாமலேயே ஒரு பெரிய தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றிய கதையை ஒரு தொழில்நுட்பக் கூட்டத்தில் பேசியிருக்கிறார். நம் நிறுவனத்தில் அதே வேலை காத்திருக்கிறது. அவருக்குப் போன முதல் செய்தி இது:

"வணக்கம். உங்கள் சுயவிவரம் என்னை மிகவும் ஈர்த்தது. வேகமாக வளர்ந்துவரும் எங்கள் நிறுவனத்தில் உங்களுக்கேற்ற அருமையான வாய்ப்பு ஒன்று இருக்கிறது. இந்த வாரம் பதினைந்து நிமிடம் பேச முடியுமா?"

ஒரு வாரம் கடந்தும் பதில் இல்லை. இந்த மௌனத்துக்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். செய்தியையே அவர் பார்க்கவில்லை. அறிமுகமில்லாதவர்கள் அனுப்புவதைப் பல தளங்கள் தனி அடுக்கில் ஒதுக்கிவிடுகின்றன. பார்த்தார், விருப்பமில்லை. விருப்பம் உண்டு, அந்த வாரம் நேரமில்லை. அல்லது, என்ன வேலை என்றே அவருக்குப் புரியவில்லை. நான்காவதற்கு நாமே பொறுப்பு. மேலே உள்ள செய்தியைப் பெயர் மாற்றி ஒரு கணக்காளருக்கும் அனுப்பலாம், அப்படியே பொருந்தும்.

இந்த நான்கில் எது என்பதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. 'படிக்கப்பட்டது' என்ற குறி வந்தாலும் அது செய்தி திறக்கப்பட்டதை மட்டுமே சொல்லும். ஆகவே இரண்டாம் செய்தி எந்தக் காரணத்தையும் ஊகிக்காமல், நால்வரில் யார் படித்தாலும் முகம் சுளிக்காதபடி இருக்க வேண்டும். மூன்று வகைகளையும் இந்த அளவுகோலால்தான் அளக்கப் போகிறேன்.

நினைவூட்டல்

"வணக்கம். என் முந்தைய செய்தியைப் பார்த்தீர்களா என்று அறிய எழுதுகிறேன். உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்."

எழுத அரை நிமிடம் போதும் என்பதால் இதுதான் அதிகம் அனுப்பப்படுகிறது. முதல் செய்தியைப் பார்க்காதவர் இதைப் படித்தால் மேலே போய்ப் பழையதைத் தேட வேண்டும்; தேடினால் கிடைப்பது அந்த 'அருமையான வாய்ப்பு'. விருப்பமில்லாதவருக்கு இது இரண்டாவது தட்டல். வேலை என்னவென்று புரியாதவர் புரியாமலேயே இருக்கிறார். நேரமில்லாமல் தள்ளிப்போட்டவருக்கு மட்டும் கொஞ்சம் உதவும்.

'காத்திருக்கிறேன்' என்ற வரியில்தான் எனக்கு முக்கியமான குறை. இவர் நம்மிடம் விண்ணப்பித்தவர் இல்லை. கேட்காமலே வந்த கடிதத்துக்குப் பதில் எழுதக் கடமைப்பட்டவரும் இல்லை. காத்திருப்பதாகச் சொன்னதுமே இல்லாத கடன் ஒன்றை அவர் பெயரில் எழுதிவிடுகிறோம். இதைவிட மோசமானவையும் உண்டு: "வேலை மிகுதியில் மறந்திருப்பீர்கள்", "நீங்கள் செய்தியைத் திறந்ததைக் கவனித்தேன்". முதலாவது குத்தல். இரண்டாவதைப் படித்த பிறகு அவர் நம்மை நம்பி எதையும் பேச மாட்டார்.

நினைவூட்டல் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. அவர் ஏற்கெனவே ஒரு முறை பதில் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன் என்றிருந்தால், திங்கட்கிழமை ஒரு வரி நினைவூட்டுவது முறையானதுதான். அங்கே உண்மையாகவே ஒரு பேச்சு நடந்திருக்கிறது.

புதிய தகவல்

"வணக்கம். சேவையை நிறுத்தாமல் தரவுத்தளத்தை மாற்றியது பற்றிய உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். என்ன வேலை என்பதை அதில் தெளிவாகச் சொல்லவில்லை. எங்கள் பணப் பரிவர்த்தனைத் தரவுத்தளத்தை அடுத்த ஓராண்டுக்குள் இதேபோல் மாற்ற வேண்டும். அதைத் திட்டமிட்டு நடத்தும் பொறுப்பு இது. குழுவில் ஐந்து பேர். இரவு நேர அவசர அழைப்புப் பொறுப்பு ஐந்து வாரத்துக்கு ஒரு வாரம் வரும். சம்பள வரம்பு: … முதல் … வரை. விவரம் வேண்டுமானால் 'அனுப்புங்கள்' என்று ஒரு சொல் போதும், எழுத்தில் தருகிறேன். இப்போது வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. இது குறித்து மீண்டும் எழுத மாட்டேன்."

நீளம் கூடியிருக்கிறது. ஆனால் முதல் செய்தியைப் பார்க்காதவரும் இதை மட்டும் படித்தால் போதும். விருப்பமில்லாதவருக்கு வெளியேறும் வழி திறந்திருக்கிறது. நேரமில்லாதவரிடம் ஒரு சொல்தான் கேட்கப்படுகிறது. பதினைந்து நிமிடம் பேசச் சொன்ன முதல் செய்தியைவிட இது சிறிய வேண்டுகோள். கேட்ட கேள்வியை இரண்டாம் முறை சிறிதாக்குவதை எழுதுபவர்கள் பலரும் மறந்துவிடுகிறார்கள். பதில் சொல்லாதவரிடம் அதே அளவு கேட்டாலோ, அதைவிடப் பெரிதாக "நாளை மாலை நான்கு மணிக்கு அழைக்கட்டுமா?" என்றாலோ, அங்கேதான் நச்சரிப்பு தொடங்குகிறது.

இந்தச் செய்தியின் உயிர் இரண்டு விவரங்களில் இருக்கிறது. தரவுத்தளப் பொறியாளரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் கேள்வி, எத்தனை இரவு எழுப்பப்படுவேன் என்பது. அதைக் கேட்காமலே சொன்னால், இந்த வேலை என்னவென்று தெரிந்த ஒருவர் எழுதுகிறார் என்று அவருக்குப் புரியும். வேறு துறைக்கு வேறு விவரம்: ஆசிரியருக்கு வாரத்துக்கு எத்தனை வகுப்பு, செவிலியருக்குப் பணிமுறை நேரம் எப்படிச் சுழல்கிறது, விற்பனையாளருக்கு இலக்கை எப்படி நிர்ணயிக்கிறார்கள். அந்தத் துறையில் பணியில் இருக்கும் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசினால் அந்தக் கேள்வி எது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது சம்பளம். வரம்பை எழுத்தில் தர நிறுவனம் அனுமதிக்காவிட்டால் 'கவர்ச்சிகரமான சம்பளம்' என்று நிரப்பாதீர்கள்; அந்த வரியை எடுத்துவிட்டு வேறொரு உறுதியான தகவலைப் போடுங்கள். வெற்றுச் சொல்லைவிட அந்த இடம் இல்லாமலிருப்பதே மேல்.

இந்த வகையின் பலவீனமும் இங்கேதான். தகவல் உண்மையிலேயே வேண்டும். ஆளெடுக்கும் மேலாளரிடம் போய்க் குழு எவ்வளவு பெரியது, முதல் ஆறு மாதம் என்ன வேலை, இந்த இடம் ஏன் காலியானது என்று கேட்டு வாங்காமல் எழுத முடியாது. கேட்காதவர்கள் இதைப் போலிசெய்வார்கள்: நிறுவனத்துக்குக் கிடைத்த விருது, புதிய அலுவலகக் கட்டடம், யாரோ எழுதிய பாராட்டுக் கட்டுரை. இவை நிறுவனத்தைப் பற்றிய செய்திகள்; அந்த மனிதரின் திங்கட்கிழமை எப்படி இருக்கும் என்பதைச் சொல்லாதவை.

விடைபெறும் குறிப்பு

"வணக்கம். தரவுத்தள மாற்றப் பணி பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். இப்போது இது உங்களுக்குப் பொருந்தாமல் இருக்கலாம். இந்தப் பணி குறித்து இனி எழுத மாட்டேன். பின்னாளில் மாற்றம் பற்றி யோசித்தால் இந்த முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். இதற்குப் பதில் தேவையில்லை."

சுருக்கமானது, கண்ணியமானது. விருப்பமில்லாதவரும் நேரமில்லாதவரும் இதை நன்றாகவே ஏற்பார்கள். முதல் செய்தியைப் பார்க்காதவர் நிலைதான் வேடிக்கை: தொடங்காத பேச்சிலிருந்து யாரோ விடைபெறுகிறார். வேலை என்னவென்று புரியாதவருக்கும் ஒன்றும் தெளிவாகவில்லை.

இதை ஒரு தந்திரமாகப் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். "பதில் இல்லாததால் உங்களுக்கு ஆர்வமில்லை என எடுத்துக்கொண்டு உங்கள் பெயரை நீக்குகிறேன்" என்று எழுதி, பதற்றத்தில் பதில் வரும் என்று பார்ப்பார்கள். சில நேரம் வரவும் வரும். ஏதாவது ஒரு பதிலை விரும்புவதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு: லிங்க்ட்இன் தளத்தில் அறிமுகமில்லாதவருக்கு வரவுப் புள்ளி செலவழித்து அனுப்பும் இன்மெயில் செய்திக்கு 90 நாட்களுக்குள் பதில் வந்தால், அது மறுப்பாகவே இருந்தாலும், செலவான வரவுப் புள்ளி திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் தேடாமல் இருக்கும் ஒருவரின் பெயரை 'நீக்குவதாக' மிரட்டுவதில் பொருளே இல்லை. அவர் நம் பட்டியலில் சேரவேண்டும் என்று கேட்டதில்லை. அதோடு, 'இனி எழுத மாட்டேன்' என்றவர் மூன்று வாரம் கழித்து மறுபடி எழுதினால், முதல் இரண்டு செய்திகளின் கண்ணியமும் பொய்யாகிவிடும்.

எதை எப்போது

சொல்ல உண்மையான தகவல் இருந்தால் இரண்டாவது வகைதான், அதன் கடைசி வரியில் மூன்றாவதைச் சேர்த்து. மேலே எழுதிய செய்தி அப்படித்தான் முடிகிறது. மேலாளரிடமிருந்து எதுவும் பெற முடியவில்லை என்றால் மூன்றாவது. முதல் வகையை அறிமுகமில்லாதவருக்கு அனுப்ப ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

பழைய செய்தியின் தொடர்ச்சியாகவே எழுதுங்கள். நீங்கள் யார் என்பது உடனே தெரியும். ஆனால் முதல் ஏழெட்டுச் சொற்களில் கவனம் வையுங்கள். கைப்பேசி அறிவிப்பில் தெரிவது அவ்வளவுதான். 'வணக்கம். என் முந்தைய செய்தியை' என்று தெரிந்தால் விரல் தள்ளிவிடும், 'வணக்கம். சேவையை நிறுத்தாமல் தரவுத்தளத்தை' என்று தெரிந்தால் ஒரு நொடியாவது நிற்கும். அலுவலக மின்னஞ்சலுக்கோ அலுவலகத் தொலைபேசிக்கோ மாறுவது கூடவே கூடாது. பணியில் இருப்பவரை அது சங்கடத்தில் மாட்டிவிடும். அவரே தராத தனிப்பட்ட எண்ணுக்கு எழுதுவதும் அப்படித்தான்.

இடைவெளி ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை. இரண்டாம் நாளே எழுதுவது அவசரம். ஒரு மாதம் கழித்து எழுதினால் அது இரண்டாம் செய்தியாக இருக்காது, புதிதாக ஒரு முதல் செய்தி, அப்படியே எழுதிவிடலாம்.

'இப்போது வேண்டாம்' என்று பதில் வந்தால் ஒரு வரி நன்றியோடு நிறுத்துங்கள். 'ஏன் என்று அறியலாமா?' என்ற கேள்விகூட அவரை மறுபடி வேலைவாங்குவதுதான்.

பதிலே வராவிட்டால், நிறுவனத்தின் ஆட்சேர்ப்புப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே தேதியும், 'இரண்டு முறை எழுதியாயிற்று, இந்தப் பணிக்கு இனி வேண்டாம்' என்ற குறிப்பும் அன்றே ஏற வேண்டும். இல்லையென்றால் அடுத்த மேசையில் இருக்கும் சக ஊழியர், எதுவும் தெரியாமல், அதே வாரத்தில் அதே பணிக்கு 'உங்கள் சுயவிவரம் என்னை மிகவும் ஈர்த்தது' என்று அவருக்கு எழுதுவார்.