டீயில் சீனியைக் குறைப்பதா, பிஸ்கட்டை விடுவதா?

கேள்வி: காரைக்குடியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வயது 46, எடை 78 கிலோ. நாளுக்கு 5 டீ குடிப்பேன். காலையும் மாலையும் டீயோடு இரண்டிரண்டு பட்டர் பிஸ்கட். சாப்பாடு அளவுதான். இந்த டீயும் பிஸ்கட்டுமா எடையை ஏற்றும்?

பதில்: ஏற்றும். இரண்டுமே ஏற்றும்.

உங்கள் கடைத் தராசிலேயே 10 பட்டர் பிஸ்கட்டைப் போட்டுப் பாருங்கள். பேக்கரிக்கு பேக்கரி மாறும். 150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒன்று 15 கிராம், சுமார் 75 கலோரி. மைதா, சீனி, டால்டா மூன்றும் சேர்ந்த பண்டம் அது. நாலு பிஸ்கட்டுக்கு 300 ஆகிவிட்டது. டீக்கு வருவோம். கிளாஸுக்கு 10 கிராம் சீனி என்றால் 40 கலோரி, அதில் ஊற்றும் பாலுக்கு ஏறக்குறைய இன்னொரு 40. 5 டீக்கு 400. மொத்தம் 700.

இப்போது எதை விடுவது? "சீனி பாதி" என்று மாஸ்டரிடம் சொன்னால் நாளுக்கு 100 கலோரி குறையும். நாலைந்து நாள் நாக்கு முரண்டு பிடிக்கும், பிறகு பழகிவிடும். பிஸ்கட்டை விட்டால் ஒரே அடியாக 300. அதை நடந்தே எரிப்பேன் என்றால் தினமும் ஐந்தாறு கிலோமீட்டர், அதாவது குன்றக்குடிக்குப் பாதி வழி நடக்க வேண்டும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எத்தனை நாள் நடக்கும்? சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டுக்கொள்பவர்கள் நம் பக்கம் நிறைய. ருசிக்காகக் குடியுங்கள், அதே இனிப்புக்குப் போட்டால் கலோரியில் சொல்லும்படி எதுவும் குறையாது.

ஆகவே என் ஓட்டு பிஸ்கட்டை விடுவதற்குத்தான். டீயின் எண்ணிக்கையைத் தொட வேண்டாம். சீனியை மட்டும் பாதியாக்குங்கள். இரண்டும் சேர்ந்து நாளுக்கு 400 கலோரி மிச்சம். ஒரு கிலோ கொழுப்புக்கு சுமார் 7,700 கலோரி என்பதால் கணக்குப்படி மாதம் ஒன்றரை கிலோ இறங்க வேண்டும். நிஜத்தில் அதைவிடக் குறைவாகத்தான் இறங்கும். உடம்பு இளைக்க இளைக்க அதன் செலவும் குறைந்துகொண்டே போகும், பசியும் கொஞ்சம் கூடும்.

கோட்டை விடுகிற இடமும் அந்தப் பசிதான். பிஸ்கட்டை விட்டவர் பதினோரு மணிக்கு ஒரு வடை, மாலையில் வீட்டு டின்னிலிருந்து ஒரு தேன்குழல் என்று ஆரம்பிப்பார். எண்ணெயில் பொரித்த தேன்குழல் கிராமுக்குக் கிராம் பட்டர் பிஸ்கட்டுக்கு இளைத்ததல்ல. பசித்தால் ஒரு கைப்பிடி அவித்த சுண்டல் போதும். (சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவரானால், நடுவேளைத் தீனியை நிறுத்தும்முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.)

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலை வெறும் வயிற்றில் எடை பாருங்கள். ஒரு நாள் ஏற்ற இறக்கம் தண்ணீர்க் கணக்கு. அதைப் பொருட்படுத்த வேண்டாம். 4 வாரத்திலும் முள் அசையவில்லை என்றால் முதலில் தேன்குழல் டின்னைத் திறந்து பாருங்கள்.