பாசி எடுக்கும் அக்காக்களின் பெயர்: மென்பொருளா, நேரில் கேட்பதா?

பாம்பன் கடலில் பாசி எடுக்கும் பெண்களை வீடியோ எடுத்தோம். அதில் பெயர் போட இரண்டு வழி இருந்தது.

பெயரோடு படம் ஏற்கெனவே பதிவாகியிருந்தால், முகமறியும் மென்பொருள் நொடியில் பெயர் சொல்லிவிடும். ஆனால் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019-இல் சோதித்தபோது, பல மென்பொருள்கள் ஆசிய, ஆப்பிரிக்க முகங்களை வேறொருவராகப் பொருத்திய தவறு, வெள்ளையரைவிட 10 முதல் 100 மடங்கு வரை கூடியிருந்தது. பெண்களிடம் அது ஆண்களைவிட அதிகம். எவ்வளவு ஒத்திருந்தால் ஒரே ஆள் என்று ஏற்பது என்ற பொருத்த வரம்பை உயர்த்தினால் தவறான பெயர் குறையும். ஆனால் நீச்சல் கண்ணாடியும் தலைத்துணியும் மறைத்த முகங்கள் பெயரில்லாமல் நழுவும்.

நேரில் கேட்க நாள்கள் ஆகும். "படம் எடுத்துக்கங்க தம்பி, பேரு மட்டும் வேணாம்" என்றார் ஓர் அக்கா. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காத் தீவுகளை ஒட்டிப் பாசி எடுக்கத் தடை இருக்கிறது, வழக்கு வருமோ என்ற பயம். இதை எந்த மென்பொருளும் கேட்டிருக்காது. நாங்கள் கேட்டே போட்டோம். அவர் காட்சியில் பெயர் இல்லை.