உள்பக்கம் திரும்பிய பாதங்களுக்குக் கரெக்‌ஷன் ஷூ: ஏழு மாதம் போட்டோம், அப்புறம் நிறுத்தினோம்

என் மகளுக்கு இப்போது நாலரை வயது. ஒன்றரை வயதில் அவள் நடக்கும்போது இரண்டு பாதங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். ஓடினால் வலது பெருவிரல் இடது குதிகாலில் தட்டிக் குப்புற விழுவாள். "செருப்பை இடது வலது மாத்திப் போட்டு விடு, தானா நேராயிடும்" என்றார் மாமியார். இரண்டு நாள் போட்டுப் பார்த்தோம். கொப்புளம் வந்ததுதான் மிச்சம்.

பிறகு ஒரு ஆஸ்பத்திரியில் அளவெடுத்து கரெக்‌ஷன் ஷூ செய்து தந்தார்கள். விலை 3,200 ரூபாய். கணுக்காலுக்கு மேல் வரை கெட்டித் தோல், வெளிப்பக்கம் வளைத்துத் தைத்த முனை. ஒவ்வொன்றும் சமையலறைத் தராசில் 190 கிராம். நாளுக்கு எட்டு மணி நேரம் போடச் சொன்னார்கள்.

முதல் வாரமே அசந்துபோனோம். நடை நேராகிவிட்டது! வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன். ஆனால் குளித்துவிட்டு வெறுங்காலோடு ஓடினால் பழைய கதைதான். இது என் கணவருக்கு உறுத்தியது. மொட்டைமாடியில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு நேர்கோடு போட்டு, குழந்தையின் பாதத்தை நனைத்து அதன் மேல் நடக்க விட்டார். ஈரத்தடம் காய்வதற்குள் கொழுந்தனார் மகனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்த பாகைமானியை வைத்து அளப்பார். ஷூ வாங்கிய வாரம் சுமார் 20 டிகிரி உள்ளே. ஏழு மாதம் கழித்து 17, 18. கையால் அளப்பதில் அந்த இரண்டு மூன்று டிகிரி ஒரு வித்தியாசமே இல்லை.

ஷூ போட்டால் நேராகத் தெரிந்தது எப்படி? முனையே வெளிப்பக்கம் வளைந்திருப்பதால் ஷூ நேராகப் பார்க்கும். உள்ளே இருக்கும் பாதம் பழையபடிதான். நாங்கள் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தது ஷூவின் தையலை.

அதற்குள் ஷூவும் சின்னதாகிவிட்டது. அடுத்த ஜோடிக்குக் காசு கட்டும் முன் வேறொரு குழந்தைகள் எலும்பு மருத்துவரிடம் காட்டினோம். அவர் பாப்பாவைக் குப்புறப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, உள்ளங்கால் கூரையைப் பார்க்கும்படி பிடித்தார். மேலிருந்து பார்த்தால் தொடை ஒரு கோடு, பாதம் ஒரு கோடு. வளர்ந்தவர்களுக்குப் பாதக் கோடு கொஞ்சம் வெளியே சாயும். இவளுக்கு இரண்டு காலிலும் உள்ளே சாய்ந்திருந்தது. பாதத்தின் வெளி ஓரம் நேராக இருந்ததால் முன்பாத வளைவு இல்லை. நடக்கும்போது முழங்கால் சிப்பி முன்னால் பார்த்ததால் தொடை எலும்பின் முறுக்கும் இல்லை.

"முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவுல இருக்கிற எலும்பு கொஞ்சம் உள்முகமா முறுக்கியிருக்கும்மா. ஷூ பிடிக்கிறது கணுக்காலுக்குக் கீழே. நீங்க பாதத்தைத் திருப்பினா கணுக்கால், முழங்கால், இடுப்பு மூட்டுகள்தான் அசைஞ்சு கொடுக்கும், எலும்பு திரும்பாது" என்றார். வயிற்றில் மடங்கிக் கிடந்த காலத்திலிருந்து வரும் இந்த முறுக்கு, பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கைந்து வயதுக்குள் வளர்ச்சியிலேயே அவிழ்ந்துவிடுமாம். ஷூ, உள்ளே வைக்கும் ஆப்பு, இரண்டு ஷூவையும் இணைக்கும் கம்பி எதுவும் இதை விரைவுபடுத்துவதாக நிரூபணமாகவில்லை என்றும் சொன்னார்.

எதிர்வீட்டு அக்காவின் பேரனுக்கு அதே மாதிரி ஷூவால் சரியாகிவிட்டது என்பார்கள். சரியானது உண்மை. மூன்று வயதில் போட்டு ஐந்து வயதில் கழற்றினார்கள், அவ்வளவுதான். அந்த இரண்டு வருடத்தில் கழுத்தில் தாயத்து கட்டியிருந்தாலும் சரியாகியிருக்கும்.

ஷூவை நிறுத்தியதும் உடனே தெரிந்த மாற்றம், விழுவது குறைந்தது. அந்தக் கனமும் வளையாத அடிப்பகுதியும்தான் அவளைத் தடுக்கி விட்டிருக்கின்றன போல. இப்போது சாதாரண, லேசான, நன்றாக வளையும் செருப்பு, வீட்டுக்குள் வெறுங்கால்.

ஆனால் எல்லாக் குழந்தையையும் இப்படிச் சும்மா விடக்கூடாது. ஒரு கால் மட்டும் திரும்பியிருந்தால், வலியோ நொண்டலோ இருந்தால், நடக்கத் தாமதமாகியிருந்தால், நாளாக நாளாக அதிகமானால் கட்டாயம் காட்ட வேண்டும். பிறவியிலேயே பாதம் வளைந்து விறைத்திருக்கும் கிளப்ஃபுட் வேறு விஷயம். அதற்கு மாவுக்கட்டு முடிந்தபின் தரும் கம்பி வைத்த ஷூ சிகிச்சையின் பாதி. அதை நிறுத்தினால் பாதம் மறுபடி வளையும். என் அனுபவத்தைப் படித்துவிட்டு யாரும் அதைக் கழற்றிவிடாதீர்கள்.

மொட்டைமாடி அளவு மூன்று வயதில் 10 டிகிரிக்கு வந்தது. போன மாதம் இடது தடம் கோட்டுக்கு இணையாக, வலது 4 டிகிரி உள்ளே. தூக்கம் சொக்கும் சாயங்காலங்களில் மட்டும் அந்தப் பழைய நடை எட்டிப் பார்க்கிறது.