1500 கலோரியைச் சோறும் சாம்பாருமாகப் பிரித்த கதை

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டில் நான்கு பேருக்குச் சமையல், அதில் எனக்கு மட்டும் ஒரு நாளைக்கு 1500 கலோரி என்று உணவு ஆலோசகர் எழுதிக் கொடுத்தார். கூடவே ஓட்ஸ், பிரவுன் பிரெட், கிரில் செய்த கோழி என்று ஒரு பட்டியல். அதை மடித்து வைத்துவிட்டேன். அந்த 1500-ஐ வீட்டில் தினம் வேகிற இட்லி, சோறு, குழம்பாகவே பிரிக்க முடியுமா என்று பார்த்தேன், முடிகிறது. ஒரு வருடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். "ஒரு கப் சோறு இத்தனை கலோரி" என்று இணையத்தில் போட்டிருப்பதை நான் பார்ப்பதில்லை. யாருடைய கப், எந்த அரிசி, எவ்வளவு தண்ணீர் என்று அதில் எதுவும் இல்லை. நான் எடுப்பது வேகாத பொருளின் எடை. ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையில் நம் ஊர்ப் பொருட்கள் எல்லாம் இருக்கின்றன. அதில் சக்தியைக் கிலோஜூலில் போட்டிருப்பார்கள், 4.184-ஆல் வகுத்தால் கலோரி வந்துவிடும். நான் மனதில் வைத்திருப்பது இவ்வளவுதான்: புழுங்கலரிசி 100 கிராமுக்கு சுமார் 350, துவரம்பருப்பு 330, உளுந்து 325, எண்ணெய் ஒரு டீஸ்பூனுக்கு 40.

பிரிக்கும்போது காபியை முதலில் எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அதை நிறுத்தப் போவதில்லை. நூறு மில்லி பாலும் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் போட்டால் 90 வரும், காலை மாலை இரண்டுக்கும் சேர்த்து 180. மீதி 1320. இதில் காலைக்கு 370, மதியத்துக்கு 550, இரவுக்கு 400 என்று வைத்துக்கொண்டேன்.

இட்லிதான் இருப்பதிலேயே சுலபம். 400 கிராம் இட்லி அரிசிக்கு 100 கிராம் உளுந்து போட்டு அரைத்தால் மொத்தம் 1725 கலோரி, அந்த மாவில் எங்கள் தட்டில் முப்பது இட்லி வருகிறது, ஆக ஒன்று 58. உங்கள் தட்டின் குழி பெரிதாக இருந்தால் இருபத்தைந்துதான் வரும், அப்போது 69. எண்ணிப் பார்த்தால் போதும், ஒவ்வொரு இட்லியையும் நிறுக்கத் தேவையில்லை. நான்கு இட்லி 230, இரண்டு கரண்டி சாம்பார் 65, அப்புறம் சட்னி. இங்கேதான் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒரு தேங்காய் மூடியைத் துருவி நான்கு பேருக்குச் சட்னி அரைத்தால் ஆளுக்கு 120-க்கு மேல் போகிறது, அதாவது தொட்டுக்கொள்கிற சட்னியே இரண்டு இட்லி அளவு. இப்போது எங்கள் வீட்டில் அரை மூடிதான், மீதிக்குப் பொட்டுக்கடலை போடாமல் வெங்காயமும் கொத்தமல்லியும் சேர்க்கிறோம். ஆளுக்கு 65-க்குள் நின்றுவிடுகிறது.

மதியச் சோற்றுக்கு வருவோம், டெல்டாக்காரர்களுக்கு இது முக்கியம். எங்கள் ஆழாக்கைத் தலைதட்டி அளந்தால் 150 கிராம் அரிசி. மூன்று ஆழாக்கு போட்டால் 450 கிராம், 1575 கலோரி. வடித்து முடித்ததும் பானையோடு தராசில் வைத்து, காலிப் பானையின் எடையைக் கழித்தால் சோற்றின் எடை தெரிந்துவிடும் (கஞ்சியோடு போவது கொஞ்சம்தான், அதை நான் கணக்கில் எடுப்பதில்லை). பழைய அரிசியில் 1350 கிராம் வந்தது, அதாவது நூறு கிராம் சோற்றுக்கு 117. சோற்றுக்கு நான் ஒதுக்கியது 250 கலோரி, ஆக 215 கிராம் போட்டுக்கொள்ளலாம். அந்த அளவுக்கு ஒரு கிண்ணம் பார்த்து வைத்துவிட்டால் தினமும் நிறுக்க வேண்டாம்.

ஆனால் அந்தக் கிண்ணம் வருடம் முழுவதும் செல்லாது. தை, மாசியில் சம்பா அறுத்துப் புது அரிசி வீட்டுக்கு வரும்போது அதே மூன்று ஆழாக்கு 1170 கிராம் சோறுதான் ஆகிறது. புது அரிசி தண்ணீரை அவ்வளவாக இழுப்பதில்லை, குழைந்து நெருக்கமாகவும் உட்கார்ந்துவிடும். நூறு கிராமுக்கு 135 ஆகிவிடுகிறது, என் பங்கு 185 கிராமாகக் குறைகிறது. தட்டில் சோறு குறைந்த மாதிரி தெரிகிறதே என்று பழைய கிண்ணத்திலேயே போட்டுக்கொண்டால் வேளைக்கு 40 கலோரியாவது கூடும். பெரிய தொகை இல்லைதான். இருந்தாலும் மூட்டை மாறும்போது ஒரு தடவை பானையை நிறுத்துவிடுகிறேன். அத்தைக்கு இது பிடிக்கவில்லை, "சோத்தைப் போய் யாராவது நிறுப்பாங்களாம்மா" என்றார்கள். இப்போது அவர்களே பழைய அரிசி என்றால் எனக்கு அரைக் கரண்டி கூடப் போடுகிறார்கள்.

சாம்பாருக்கும் இதே கணக்குதான். 150 கிராம் பருப்பு, இரண்டு டீஸ்பூன் எண்ணெய், காய், எல்லாம் சேர்த்து 650 வருகிறது. அது எங்கள் கரண்டிக்கு இருபது கரண்டி. ஒரு கரண்டி 32 என்றால் மூன்றுக்கு 95. பொரியல் 100, தயிர் நூறு கிராம் 60. மிச்சம் இருப்பதில் ஒரு சுட்ட அப்பளம். பொரித்த அப்பளம் என்றால் கணக்கு உதைக்கும். வத்தக்குழம்பு வைக்கிற நாளில் பருப்பு இல்லையே, லேசானது என்று நினைக்கக் கூடாது. நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி அதைச் சுண்ட வைப்பதால் ஒரு கரண்டி சாம்பாரைப் போல இரண்டு மடங்கு வருகிறது. நல்லவேளை, அதை யாரும் மூன்று கரண்டி ஊற்றிக்கொள்வதில்லை.

இரவுக்கு இரண்டு தோசை. ஒரு தோசைக்கு இரண்டு இட்லி மாவு, சுற்றிலும் ஒரு டீஸ்பூன் எண்ணெய், ஆக 155 கலோரி. இரண்டு தோசையும் இரண்டு கரண்டி சாம்பாரும் 375. கோடையில் இதை மாற்றிவிடுவேன், இரவில் சோறு சாப்பிட்டுவிட்டுக் காலையில் பழைய சோறு. அதற்கு ஒரே விதி, இரவு தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே நிறுத்து வைத்துவிட வேண்டும். ஊறிய பிறகு நிறுத்தால் தண்ணீரைத்தான் நிறுப்போம்.

இவ்வளவு பார்த்தும் மூன்று நான்கு வாரமாக எடை அசையவில்லை என்றால் சோற்றைக் குறைக்காதீர்கள், எண்ணெய் பாட்டிலைப் பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெயில் சுமார் 8200 கலோரி. நான்கு பேர் இருக்கிற வீட்டில் மாதம் மூன்று லிட்டர் தீர்ந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 205. என் தட்டுக் கணக்கில் எண்ணெய் 100-தான் இருந்தது. பொரித்து மிஞ்சியதைக் கழித்தாலும் இடைவெளி பெரிதாகத்தான் இருந்தது, பொரியல் தாளிக்கும்போது கண்ணளவில் ஊற்றியதுதான் காரணம். டீஸ்பூனை எண்ணெய்த் தூக்கிலேயே போட்டு வைத்த பிறகு மாதம் இரண்டு லிட்டருக்கு வந்துவிட்டோம்.

இந்த முறையில் பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும். கல்யாணப் பந்தியிலும் மெஸ்ஸிலும் இது உதவாது, அங்கே நான் கணக்குப் பார்ப்பதும் இல்லை. இன்னொரு குறை புரதம், மேலே சொன்ன மாதிரியே தினமும் சாப்பிட்டால் அது கம்மியாகத்தான் இருக்கும். அதனால் வாரத்தில் சில நாள் சோற்றில் 75 கலோரியைக் குறைத்து ஒரு முட்டை, இல்லையென்றால் குழம்பில் இரண்டு துண்டு கெண்டை. சர்க்கரைக்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் சோற்றின் அளவை மாற்றுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், அவர்களுக்குக் கலோரி மட்டும் பார்த்தால் போதாது.

தராசு வாங்குவதாக இருந்தால் ஐந்து கிலோ தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். சின்னதாக வாங்கினால் சோற்றுப் பானையை வைத்ததும் பிழை காட்டி நின்றுவிடும்.